செவுளின் சிவப்பு தெரியாத மீன்காரம்மா: காதையும் கண்ணையும் கெடுக்கும் மருந்துகளை எப்படி அடுக்குவது?

கேள்வி: புதுச்சேரியில் பார்மசி மாணவர்களுக்குப் பாடம் எடுக்கிறேன். டாக்ஸிகாலஜியில் மருந்துகளால் வரும் காது நச்சு, கண் நச்சு இரண்டுக்கும் சேர்த்து ஒரு அத்தியாயம் எழுத வேண்டும். புத்தகங்களில் நீளமான பட்டியல்தான் இருக்கிறது, பிள்ளைகளுக்கு மனதில் நிற்பதில்லை. உதாரணங்களை எந்த அடிப்படையில் தொகுத்தால் நன்றாக இருக்கும்?

பதில்:

மருந்தின் குடும்பத்தை வைத்துத் தொகுக்காதீர்கள். அடி எந்தத் திசுவில் விழுகிறது என்பதை வைத்துத் தொகுங்கள். ஆன்டிபயாடிக், நீர் மாத்திரை, புற்றுநோய் மருந்து என்று அடுக்கினால் மாணவருக்குப் பெயர்கள் மட்டுமே கிடைக்கும். செத்தது உள்காதில் ஒலியையும் அசைவையும் உணரும் மயிர்செல்லா, சோர்ந்தது அதற்கு மின்சாரம் தரும் திசுவா, மூச்சுத் திணறியது பார்வை நரம்பா என்று அடுக்கினால் மூன்று விஷயங்கள் தாமாகவே பின்னால் வரும்: நோயாளி முதலில் என்ன சொல்வார், எந்தச் சோதனையில் பிடிபடும், மருந்தை நிறுத்தினால் திரும்பி வருமா.

நான் கடலூரில் பல வருடங்களாக கிளினிக்கல் பார்மசிஸ்ட் வேலை பார்க்கிறேன். இந்த அத்தியாயத்தை நான் எழுதுவதாக இருந்தால் காசநோய் மருந்துகளில்தான் தொடங்குவேன். காது, கண் இரண்டுமே அங்கே இருக்கின்றன. நம் ஊர் நோயாளிகளும் அங்கேதான் அதிகம். அதோடு கடந்த சில வருடங்களில் அங்கே ஒரு சுவாரஸ்யமான இடமாற்றமும் நடந்திருக்கிறது. அதற்கு அப்புறம் வருகிறேன். முதலில் ஒரு அம்மாவின் கதை.

கடலூர் முதுநகர் துறைமுகத்தில் மீன் ஏலம் எடுத்து, கூடையில் வைத்துத் தெருத்தெருவாக விற்பவர். வயது 58, எடை 36 கிலோ, பன்னிரண்டு வருடமாகச் சர்க்கரை. நுரையீரல் காசநோய்க்கு மாத்திரை தொடங்கி மூன்றரை மாதம் ஆகியிருந்தது. இருமல் போய்விட்டது, சளியில் கிருமி இல்லை, பசி எடுக்கிறது. எல்லாம் நன்றாகப் போகிறது என்றுதான் நாங்களும் நினைத்தோம். மாத்திரை வாங்க வந்தவர் போகிற போக்கில் சொன்னார்:

“மீனு எல்லாம் ஐஸ்ல கெடந்த பழைய மீனு மாதிரியே தெரியுது தம்பி. செவுளைத் தூக்கிப் பாத்தா சேப்பே இல்ல. ஏலத்துல எல்லாரும் நல்ல மீனுங்கறாங்க, எனக்கு மட்டும் செத்துப்போனாப்ல இருக்கு.”

இதற்கு முன் இரண்டு இடத்தில் காட்டியிருக்கிறார். “சர்க்கரை இருக்கில்ல, கண்ணு அப்படித்தான் இருக்கும்” என்றும், “புரை வருது, பழுக்கட்டும்” என்றும் சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். சர்க்கரையும் புரையும் பார்வையைக் குறைக்கும், அதை மறுக்க முடியாது. ஆனால் இரண்டு கண்ணிலும் ஒரே நேரத்தில், சில வாரங்களுக்குள், சிவப்பு மட்டும் சாயம் போனதுபோல் வெளுப்பது அவற்றின் வழக்கம் அல்ல. அது பார்வை நரம்பின் புகார். அந்த அம்மாவின் சீட்டில் பார்வை நரம்பைத் தொடக்கூடிய மருந்து ஒன்று இருந்தது: எத்தாம்பியூட்டால்.

இனி கணக்கு. அரசுத் திட்டத்தில் தரப்படும் கூட்டு மாத்திரை ஒவ்வொன்றிலும் எத்தாம்பியூட்டால் 275 மி.கி. இருக்கிறது. எடையை வரிசைப்படுத்தி மாத்திரை எண்ணிக்கை தருகிறார்கள்: 35 முதல் 49 கிலோ வரை நாளுக்கு 3 மாத்திரை. ஆக இவருக்கு 825 மி.கி. அதை 36-ஆல் வகுத்தால் கிலோவுக்குக் கிட்டத்தட்ட 23 மி.கி. அதே மூன்று மாத்திரையை 49 கிலோ ஆள் சாப்பிட்டால் கிலோவுக்கு 17 மி.கி.தான். எடை வரிசை எதுவாக இருந்தாலும் அதன் கீழ் விளிம்பில் நிற்பவருக்குத்தான் கிலோ கணக்கில் அளவு கூடும் என்பதை மாணவர்கள் தாங்களே போட்டுப் பார்க்கட்டும். இந்த 23 என்பது மருந்து எல்லைக்கு உள்ளேதான் இருக்கிறது. சிறுநீரகம் நன்றாக இருந்தால் பெரும்பாலானவர்களுக்கு ஒன்றும் ஆகாது.

சிறுநீரகம் நன்றாக இல்லை என்பதுதான் சிக்கல். எத்தாம்பியூட்டாலின் பெரும்பகுதி சிறுநீரில்தான் வெளியேறுகிறது. கிரியாட்டினின் எடுத்துப் பார்த்தோம், 1.8. காகிதத்தில் பார்த்தால் கொஞ்சம் கூடுதல், அவ்வளவுதான் என்று தோன்றும். ஆனால் கிரியாட்டினின் தசையிலிருந்து வருவது. 36 கிலோ உடம்பில் தசை எங்கே இருக்கிறது? காக்ராஃப்ட்–கால்ட் சூத்திரத்தில் போடுவோம்: 140-இல் வயது 58 போக 82. அதை 36-ஆல் பெருக்கி, 72 × 1.8-ஆல் வகுத்து, பெண் என்பதால் 0.85-ஆல் பெருக்கினால் நிமிடத்துக்கு 19 மி.லி. சொச்சம். 30-க்குக் கீழே போனால் எத்தாம்பியூட்டாலைத் தினமும் தரக்கூடாது, வாரத்துக்கு மூன்று நாள்தான். இவர் தினமும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். தொடக்கத்தில் கிரியாட்டினின் பார்க்கப்படவே இல்லை. அதில் எனக்கும் பங்கு உண்டு, கேட்டிருக்க வேண்டியவன் நான்.

கண் மருத்துவரின் குறிப்பு இப்படி இருந்தது: இரண்டு கண்ணிலும் பார்வைக் கூர்மை 6/24. துளை அட்டை வைத்துப் பார்த்தாலும் கூடவில்லை, அதாவது கண்ணாடி போட்டுச் சரியாகிற பவர் கோளாறு இல்லை. இஷிஹாரா நிற அட்டையில் முதல் அட்டை தவிர மற்றவற்றைப் படிக்க முடியவில்லை. பார்வைப் புலச் சோதனையில் நடுவில் மங்கல். புரை இந்த அளவுக்குப் பார்வையை மறைக்கிற அளவு இல்லை. ஆப்தால்மோஸ்கோப்பில் கண்ணுக்குள் பார்த்தால் விழித்திரையும் நரம்பின் தலையும் சாதாரணமாகவே இருந்தன.

அந்தக் கடைசி வரியை அத்தியாயத்தில் பெரிய எழுத்தில் போடுங்கள். அடி விழுவது கண்ணுக்குப் பின்னால் போகிற நரம்பில். அதனால் ஆரம்பத்தில் உள்ளே பார்க்கிற மருத்துவருக்கு எதுவும் தெரியாது. நரம்பின் தலை வெளுப்பது மாதங்கள் கழித்துத்தான், அப்போது திரும்புவதற்கான வாய்ப்பு குறைந்திருக்கும். “கண்ணைப் பார்த்தாச்சு, நார்மல்” என்ற சீட்டு இந்த மருந்து விஷயத்தில் நிம்மதி தருகிற சீட்டு அல்ல. கூர்மையையும் நிறத்தையும் அளந்த எண்கள் அதில் இருக்க வேண்டும்.

இன்னொரு பொறியும் இருக்கிறது. பார்வை நரம்பு நோய்க்கு வழக்கமாகச் செய்கிற எளிய சோதனை, ஒரு சிவப்பு மூடியைக் காட்டி “எந்தக் கண்ணில் சிவப்பு கம்மி?” என்று கேட்பது. டார்ச்சை மாற்றி மாற்றி அடித்து, கண் பாப்பா ஒரு பக்கம் விரிகிறதா என்று பார்ப்பதும் அதே வகை. இரண்டுமே ஒரு கண்ணை இன்னொரு கண்ணோடு ஒப்பிடுபவை. நச்சு இரண்டு கண்ணையும் சமமாகத் தாக்கும்போது ஒப்பிட எதுவும் இல்லை, சோதனை பொய்யாக நார்மல் காட்டும். அதற்குப் பதில் ஒரு கண்ணை மூடச் சொல்லி, மூடியை நேராகக் காட்டி, அப்புறம் கொஞ்சம் ஓரமாக நகர்த்திக் கேட்க வேண்டும். நல்ல கண்ணில் நடுவில்தான் சிவப்பு பளிச்சென்று இருக்கும். நேராகப் பார்க்கும்போது மங்கலாகவும் ஓரத்தில் பளிச்சென்றும் தெரிந்தால் நடுப்பார்வைக்குரிய நரம்பிழைகள் தவிக்கின்றன என்று பொருள். அந்த அம்மா ஓரத்தில்தான் சிவப்பைப் பார்த்தார்.

அந்த இழைகள் ஏன்? விழித்திரையின் நடுப்பகுதியான மாக்குலாவிலிருந்து வரும் இழைகள் மிகவும் மெல்லியவை. விழித்திரையின் மேல் ஓடும் தூரம் முழுக்க அவற்றுக்கு மயலின் உறை கிடையாது. உறை இல்லாத கம்பியில் மின்னோட்டத்தைக் கொண்டுபோக ஆற்றல் அதிகம் செலவாகும், அதைத் தருவது மைட்டோகாண்ட்ரியா. எத்தாம்பியூட்டால் செம்பு, துத்தநாகம் போன்ற உலோகங்களைப் பிடித்துக்கொள்ளும் தன்மையுடையது. செம்பு இல்லாமல் மைட்டோகாண்ட்ரியாவின் கடைசிக் கட்ட என்சைமான சைட்டோகுரோம் ஆக்சிடேஸ் ஓடாது. இதுதான் பரவலாக ஏற்கப்படும் விளக்கம். ஆற்றல் வெட்டு வந்தால் முதலில் அணைவது அதிகம் செலவழிக்கிற வீடுதானே.

அளவோடு ஆபத்து எப்படி ஏறுகிறது என்பதும் பாடத்துக்கு நல்ல உதாரணம். கிலோவுக்கு 15 மி.கி. என்றால் நூறில் ஒருவருக்கும் குறைவு, 25 என்றால் ஐந்தாறு பேர், 35 என்றால் பதினெட்டு பேர் அளவில் என்று பல காலமாகச் சொல்லப்படும் கணக்கு. சிறுநீரகம் பாதியில் நிற்பவருக்கு 23 என்பது 23 ஆகவே இருக்காது, உடம்புக்குள் அதைவிட மேலே போய்விடும். பாதிப்பு பெரும்பாலும் இரண்டு மாதத்துக்கு அப்புறம்தான் தலைகாட்டும். முன்பு பழக்கத்தில் இருந்த முறைகளில் எத்தாம்பியூட்டால் இரண்டு மாதத்தோடு நின்றுவிடும். இன்று நம் நாட்டுத் தினசரி முறையில் அடுத்த நான்கு மாதமும் அது தொடர்கிறது. அதற்குக் காரணம் உண்டு: ஐசோனியசிட் எதிர்ப்பு இங்கே அதிகம், துணை மருந்து தேவை. ஆனால் கண்ணுக்கு ஆபத்தான மாதங்கள் இப்போது முழுக்க மருந்துக்குள் விழுகின்றன என்பதை மாணவர் அறிய வேண்டும்.

எத்தாம்பியூட்டாலை அன்றே நிறுத்தினோம். மீதி மருந்துகளை மாவட்ட காசநோய் அலுவலர் பார்த்து மாற்றி அமைத்தார். நிறுத்தி ஆறு வாரம் வரை காத்திருந்து, பார்வை கூடவில்லை என்றால் ஐசோனியசிட்டையும் சந்தேகிக்க வேண்டும், அதுவும் அரிதாக இதே வேலையைச் செய்யும். இவருக்கு அது தேவைப்படவில்லை. இரண்டாம் மாதத்தில் 6/18, ஏழாம் மாதத்தில் 6/9. நிற அட்டையில் இரண்டு மூன்று இன்னும் தடுமாறுகின்றன. எல்லோருக்கும் இந்த அளவு திரும்புவதில்லை. பார்வை விரலை எண்ணும் அளவுக்குக் குறைந்த பிறகு நிறுத்தியவர்களில் அப்படியே நின்றுபோனவர்கள் உண்டு.

சரி, இனி காது.

காசநோய்க்கு முதல் மருந்தான ஸ்ட்ரெப்டோமைசின் 1943-இல் கண்டுபிடிக்கப்பட்டது. நோயாளிகளுக்குக் கொடுக்கத் தொடங்கிய ஓரிரு வருடத்திலேயே தலைசுற்றல் பதிவாகிவிட்டது. என் பெரியப்பா 1980களில் அந்த ஊசி போட்டுக்கொண்டவர். நோய் போய்விட்டது. பகலில் நன்றாக நடப்பார். புதுச்சேரி கடற்கரைச் சாலையில் காந்தி சிலை வரை விளக்கு வெளிச்சத்தில் சிமென்ட் தரையில் ஒன்றும் தெரியாது. தேவனாம்பட்டினத்தில் இருட்டிய பிறகு மணலில் இறங்கினால் மட்டும் குடித்தவர்போல் தள்ளாடுவார், யார் தோளையாவது பிடித்துக்கொள்வார். நடக்கும்போது கடைப் பெயர்ப்பலகையைப் படிக்க முடியாது, நின்றால்தான் எழுத்து நிற்கும். ஊரில் அவருக்குக் கெட்ட பெயர்கூட வந்தது.

உடம்பு சாயாமல் நிற்க மூன்று தகவல் வேண்டும்: கண், பாதத்தின் உணர்வு, உள்காதின் சமநிலை உறுப்பு. மூன்றில் இரண்டு இருந்தால் சமாளிக்கலாம். பெரியப்பாவிடம் மூன்றாவது இல்லை. இருட்டு கண்ணை எடுத்துக்கொண்டது, மணல் பாதத்தை ஏமாற்றியது. எழுத்து ஆடுவதற்கும் காரணம் அதுதான், தலை அசையும்போது கண்ணை எதிர்ப்பக்கம் திருப்பி நிலைநிறுத்துவது சமநிலை உறுப்பின் வேலை. இரண்டு பக்கமும் சமமாகப் போனதால் அவருக்கு உலகம் சுழலவில்லை. சுழல் வந்தால்தான் ‘தலைசுற்றல்’ என்று நோயாளி சொல்வார். இவர்கள் “காலு நிக்கல” என்றுதான் சொல்வார்கள், கேட்பவர் அதை முதுமை என்றோ சத்துக்குறைவு என்றோ எழுதிவிடுவார்.

அமினோகிளைகோசைடு குடும்பத்துக்குள்ளேயே ஒரு பிரிவு உண்டு. ஸ்ட்ரெப்டோமைசினும் ஜென்டாமைசினும் அதிகம் தொடுவது சமநிலையை. அமிக்காசின், கானமைசின், நியோமைசின் அதிகம் தொடுவது கேட்கும் திறனை. இரண்டிலும் சாவது மயிர்செல்தான். ஒலி வந்தால் அதன் நுனி மயிர்கள் சாயும், கதவுபோல் ஒரு துளை திறக்கும். அந்தத் துளை வழியாகவே மருந்தும் உள்ளே போகிறது, ஆனால் வெளியே வர வழி தெரியாது. மாதக்கணக்கில் உள்ளேயே கிடக்கும். அதனால்தான் ஊசி நின்ற பிறகும் சில வாரங்கள் காது இறங்கிக்கொண்டே போகலாம். மனித உள்காதில் செத்த மயிர்செல் மறுபடி முளைக்காது.

கேட்கும் திறன் போவதிலும் ஒரு வரிசை இருக்கிறது. உள்காதின் கேட்கும் உறுப்பான நத்தைச்சுருளின் அடிச்சுற்றில் மிக உயர்ந்த சுருதிக்கான செல்கள், அவைதான் முதலில் போகும். சாதாரண ஆடியோமெட்ரி 8,000 ஹெர்ட்ஸ் வரைதான் அளக்கும், சேதம் அதற்கு மேலே தொடங்குகிறது. பேச்சு கேட்கிறது, நோயாளிக்குப் புகார் இல்லை. வசதி இருந்தால் உயர் அலைவரிசை ஆடியோமெட்ரி எடுக்க வேண்டும். இல்லாவிட்டாலும் ஊசி தொடங்கும் முன் ஒரு அளவு, பிறகு மாதாமாதம் ஒரு அளவு. ஏதாவது ஒரு சுருதியில் 20 டெசிபெல், அல்லது பக்கத்துப் பக்கத்து இரண்டு சுருதியில் 10 டெசிபெல் இறங்கினால் நச்சு என்று எடுத்துக்கொள்வது வழக்கம். அதையும் விட்டால், நோயாளி சொல்கிற முதல் வார்த்தை “சத்தம் கேக்குது, என்ன சொல்றாங்கன்னுதான் புரியல” என்பதாக இருக்கும். உயிர் ஒலிகள் தாழ்ந்த சுருதி, அவை கேட்கும். ச, த போன்ற மெய்களின் கூர்மை மேலே இருக்கிறது, அது போய்விடும். ‘சட்டி’யா ‘தட்டி’யா என்று தடுமாறுவார்.

ஒருவருக்கு இரண்டே ஊசியில் காது போவதும், இன்னொருவருக்கு ஆறு மாதம் போட்டும் ஒன்றும் ஆகாததும் ஏன் என்று மாணவர் கேட்பார். மைட்டோகாண்ட்ரியா மரபணுவில் 1555-ஆம் இடத்தில் ஒரு எழுத்து மாறியிருப்பவர்கள் உண்டு. மைட்டோகாண்ட்ரியா ஆதியில் பாக்டீரியாவின் வாரிசு, அதன் ரைபோசோம் பாக்டீரியாவினுடையதைப் போலவே இருக்கும். அந்த ஒரு எழுத்து மாறினால் ஒற்றுமை இன்னும் கூடி, கிருமியைக் கொல்ல வந்த மருந்து நம்முடையதையும் பிடித்துக்கொள்கிறது. மைட்டோகாண்ட்ரியா தாய் வழியில் மட்டும் வருவது என்பதால் கேட்க வேண்டிய கேள்வி: “அம்மா வழியில யாருக்காவது ஊசி போட்டுக் காது போச்சா?” ஒரு பைசா செலவில்லாத கேள்வி.

முன்பு சொன்ன இடமாற்றம் இதுதான். பல மருந்து எதிர்ப்புக் காசநோய்க்கு மாதக்கணக்கில் கானமைசின் ஊசி போட்ட காலத்தில் காது போனவர்கள் ஏராளம். 2018-இல் உலக சுகாதார நிறுவனம் கானமைசினையும் காப்ரியோமைசினையும் கைவிடச் சொன்னது. 2022-இல் பெடாக்விலின், பிரிட்டோமானிட், லினசோலிட், மாக்ஸிஃப்ளாக்சசின் நான்கையும் சேர்த்து ஆறு மாத வாய்வழி முறையைப் பரிந்துரைத்தது. நம் மத்திய அரசு 2024-இல் அதை ஏற்றது. ஊசி போனது, காது தப்பியது. ஆனால் அந்த நால்வரில் லினசோலிட் இருக்கிறது. அதுவும் பாக்டீரியா ரைபோசோமைப் பிடிக்கும் மருந்து, அதுவும் மைட்டோகாண்ட்ரியாவைத் தொடும். இந்த முறை தொடுகிற இடம் பார்வை நரம்பு, கூடவே பாதத்து நரம்பும் எலும்பு மஜ்ஜையும். நச்சு காதிலிருந்து கண்ணுக்கு வீடு மாறிவிட்டது என்று வகுப்பில் சொல்லுங்கள், மறக்க மாட்டார்கள். நல்ல செய்தி என்னவென்றால், சீக்கிரம் பிடித்தால் லினசோலிட் பறித்த பார்வை பெரும்பாலும் திரும்புகிறது. 28 நாளைத் தாண்டியவர்களிடம்தான் பொதுவாக இது வரும், ஆகவே மாதாமாதம் கூர்மையும் நிறமும் பார்த்தால் போதும்.

இந்த மூன்று மருந்தை வைத்து இரண்டு பெரிய வீடுகள் கட்டிவிட்டோம்: செத்த மயிர்செல், திணறும் பார்வை நரம்பு. மற்ற உதாரணங்களை அவற்றின் பக்கத்தில் வையுங்கள்.

மயிர்செல் வீட்டில் இன்னொருவர் சிஸ்பிளாட்டின். அதே உயர் சுருதி, அதே நிரந்தரம், மொத்த அளவு ஏற ஏற ஆபத்து, குழந்தைகளுக்கு மிக அதிகம். உள்காதில் வருடக்கணக்கில் தங்கும். பரவாத கட்டியுள்ள குழந்தைகளுக்கு, சிஸ்பிளாட்டின் ஏற்றி ஆறு மணி நேரம் கழித்து சோடியம் தயோசல்ஃபேட் தருவதற்கு அமெரிக்காவில் 2022-இல் அனுமதி கிடைத்தது.

காதில் அடுத்த வீடு ஸ்ட்ரையா வாஸ்குலாரிஸ். உள்காதின் ஜெனரேட்டர் அதுதான், எண்டோலிம்ப் திரவத்தில் சுமார் 80 மில்லிவோல்ட் நேர் மின்னழுத்தத்தைத் தாங்கிப் பிடிப்பது. லாசிக்ஸ் என்று எல்லோரும் சொல்கிற ஃபுரோஸ்மைடு அந்த ஜெனரேட்டரை அணைக்கிறது. செல்கள் சாகவில்லை, மின்சாரம் மட்டும் போனது, அதனால் பெரும்பாலும் சில மணி நேரத்தில் திரும்பிவிடும். இங்கே விஷயம் அளவைவிட வேகம்: நரம்பில் ஏற்றும்போது நிமிடத்துக்கு 4 மி.கி.யைத் தாண்டக்கூடாது. 200 மி.கி. என்றால் ஐம்பது நிமிடம். அவசரத்தில் ஐந்து நிமிடத்தில் தள்ளிவிட்டு, “பேஷன்ட் திடீர்னு செவிடு மாதிரி முழிக்கிறாரு” என்று கூப்பிட்டதை நான் பார்த்திருக்கிறேன். இதே மருந்து அமிக்காசினோடு சேர்ந்தால் கதை வேறு. ஸ்ட்ரையாவின் தடுப்பு தளர்ந்து அமிக்காசின் வெள்ளமாக உள்ளே இறங்கும், திரும்பக்கூடிய நச்சு நிரந்தர நச்சாகிவிடும். சிறுநீரகம் கெட்ட காய்ச்சல் நோயாளிக்கு இந்த இரண்டையும் ஒரே சீட்டில் பார்த்தால் நான் போனை எடுத்துவிடுவேன்.

ஆஸ்பிரினைத் தனியாக வையுங்கள். அது வெளி மயிர்செல்லின் நடன மோட்டாரான பிரெஸ்டின் புரதத்தைத் தற்காலிகமாக நிறுத்துகிறது. காதில் இரைச்சல், லேசான மந்தம், நிறுத்தினால் இரண்டு மூன்று நாளில் போய்விடும். இதயத்துக்குத் தரும் 75 மி.கி.யில் இது வராது, மூட்டுவலிக்குத் தரும் பெரிய அளவில் வரும். அங்கே இரைச்சலே எச்சரிக்கை மணி. குயினைன் ஆஸ்பிரினைப் போல இரைச்சலும் தரும், அளவு மீறினால் விழித்திரையையும் தாக்கிப் பார்வையைப் பறிக்கும். காதையும் கண்ணையும் சேர்த்து எழுதும் உங்கள் அத்தியாயத்தில் இரண்டு பக்கமும் உட்காரத் தகுதியான மருந்து அது.

கண்ணில் அடுத்த வீடு விழித்திரை. இங்கே நீங்கள் நிற்க வேண்டிய இடம் ஹைட்ராக்சிகுளோரோகுயின், ஏனென்றால் மூட்டுவாதக்காரர்கள் வருடக்கணக்கில் சாப்பிடுகிறார்கள். மருந்து மெலனினில் ஒட்டிக்கொண்டு விழித்திரையின் நிறமித் திசுவில் தங்குகிறது. மேல்வரம்பு உண்மையான எடைக்கு, கிலோவுக்கு நாளுக்கு 5 மி.கி. நம்மூரில் 45 கிலோ பெண் சாதாரணம். அவருக்கு 225 மி.கி.தான் எல்லை. ஆனால் கையில் 400 மி.கி. மாத்திரை இருக்கும், கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. ஐந்து வருடத்துக்குப் பின் வருடாவருடம் விழித்திரையின் அடுக்குகளைக் காட்டும் ஓசிடி ஸ்கேனும் பார்வைப் புலச் சோதனையும் வேண்டும், சிறுநீரகக் கோளாறு இருந்தால் அதற்கு முன்பே. புத்தகப் படத்தில் மாக்குலாவைச் சுற்றி எருதுக்கண் வளையம் காட்டுவார்கள். அது தெரிகிற நிலையில் காரியம் கைமீறிவிட்டது, நிறுத்திய பிறகும் நகரலாம். இன்னொன்று, ஆசிய மக்களிடம் சேதம் மாக்குலாவை ஒட்டித் தொடங்காமல் கொஞ்சம் தள்ளியே தொடங்குவது அதிகம். நடுப் பத்து டிகிரியை மட்டும் சோதித்தால் தப்பிவிடும், அகலப் புலமும் பார்க்கச் சொல்லி எழுதுங்கள்.

விழித்திரையிலேயே சேதமில்லாத வகையும் உண்டு. டைஜாக்சின் அளவு கூடினால் உலகம் மஞ்சளாகும், சில்டெனாஃபில் நீலச் சாயம் காட்டும். இவை கூம்பு, குச்சி செல்களின் வேலையைத் தற்காலிகமாகக் கலைப்பவை. டைஜாக்சின் நோயாளி மஞ்சள் என்றால் கண்ணுக்குப் பயப்பட வேண்டாம், இதயத்துக்குப் பயப்படுங்கள்.

கண்ணின் முன்பகுதிக்கு வந்தால், ஸ்டீராய்டு. ‘மெட்ராஸ் ஐ’ வந்ததும் மருந்துக் கடையில் கேட்டு வாங்கும் சொட்டு மருந்துகளில் ஆன்டிபயாடிக்கோடு டெக்ஸாமெத்தசோனும் இருப்பது சகஜம். சிவப்பு ஒரே நாளில் அடங்கும், அதனால் அடுத்த முறையும் அதே பாட்டிலைக் கேட்பார்கள். சில வாரம் தொடர்ந்தால் சிலருக்குக் கண்ணழுத்தம் வலியில்லாமல் ஏறும். மாதக்கணக்கில் போனால் லென்ஸின் பின்பக்கம் புரை வரும், வெயிலில் கண் கூசி, நிழலில் பார்வை தேவலாம் என்பார்கள். அமியோடரோன் கார்னியாவில் சுழல் கோலம் போடும், பார்ப்பதற்குப் பயமாக இருந்தாலும் பார்வை பெரும்பாலும் கெடாது.

டோப்பிராமேட்டை இங்கே ஒரு பத்தியாவது எழுதுங்கள், ஏனென்றால் தவறாக வைத்தியம் பார்க்கப்படுவது அதுதான். ஒற்றைத் தலைவலிக்கு மாத்திரை தொடங்கி இரண்டு வாரத்துக்குள் இரண்டு கண்ணிலும் வலி, தூரம் திடீரென மங்கல், அழுத்தம் உச்சம். தலைவலி மருந்து சாப்பிடுபவருக்குத் தலைவலி கூடியது என்று எல்லோரும் மாத்திரையைக் கூட்டுவார்கள். சிலியரி திசு நீர்கோத்து வீங்கி, லென்ஸை முன்னால் தள்ளி, கண்ணுக்குள் இருக்கும் நீர் வடிகிற கோணத்தை அடைத்திருக்கிறது. வழக்கமான கோண அடைப்புக்குத் தரும் பைலோகார்ப்பின் இதைக் கெடுக்கும், லேசர் துளையும் உதவாது. மருந்தை நிறுத்தி, பாப்பாவை விரிக்கும் சொட்டும் அழுத்தம் குறைக்கும் மருந்தும் தர வேண்டும். இரண்டு கண்ணிலும் ஒரே நாளில் கோண அடைப்பு என்றால் மருந்துச் சீட்டைக் கேளுங்கள்.

மெத்தனாலைச் சேர்க்கலாமா என்று கேட்பீர்கள். 2023-இல் மரக்காணம் பக்கமும் 2024-இல் கள்ளக்குறிச்சியிலும் நடந்ததற்குப் பிறகு நம் பகுதி மாணவர் அதைக் கேட்காமல் இருக்க மாட்டார். மெத்தனால் மருந்து அல்ல, அத்தியாயத் தலைப்புக்கு வெளியே நிற்பது. ஆனால் அது உடம்பில் ஃபார்மிக் அமிலமாகி அடைப்பது அதே சைட்டோகுரோம் ஆக்சிடேஸைத்தான். எத்தாம்பியூட்டால் மூன்று மாதத்தில் செய்வதை அது ஒன்றிரண்டு நாளில் செய்கிறது. பார்வை நரம்புப் பகுதியின் கீழே ஒரு பெட்டிச் செய்தியாகப் போட்டு, விவரத்தை விஷச்சாராய அத்தியாயத்துக்கு அனுப்பிவிடுங்கள்.